ஆபரேஷனுக்குப் பிறகும் கர்ப்பத்திலும் டி-டைமர் ஏறுவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிசேரியன் முடிஞ்சு எட்டு நாள் ஆச்சு. டி-டைமர் 2,840-ன்னு சிவப்பு எழுத்துல வந்திருக்கு. உள்ளே எங்கேயாவது ரத்தம் கட்டியிருக்கா?

அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. கால் வீக்கமோ மூச்சிரைப்போ இல்லாமல், வீட்டுக்குள் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு எட்டாம் நாள் ரத்தம் எடுத்தாலும் இந்த அளவு வரலாம். உங்களுக்கு ஒரு வாரத்துக்கு முன்னால் பிரசவம் ஆனது, வயிற்றில் தையல் இருக்கிறது என்பதெல்லாம் லேபில் இருக்கும் மெஷினுக்குத் தெரியாது. 500-ஐத் தாண்டினால் சிவப்பு என்று அதில் பதிந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே எண்ணைப் பற்றிக் கவலைப்படும் முன், அந்த டெஸ்டை எதற்காக எடுத்தார்கள் என்று கேளுங்கள். கால் வீங்கியது, மூச்சு வாங்கியது என்று நீங்கள் சொல்லி, அதனால் எடுத்திருந்தால் அந்தத் தொந்தரவுக்குப் பதில் தேட வேண்டும். அந்தப் பதில் ஸ்கேனில்தான் கிடைக்கும். எந்தத் தொந்தரவும் இல்லாமல், ஏதோ ஒரு பேக்கேஜில் சேர்ந்து வந்த டெஸ்ட் என்றால் அதை எடுத்திருக்கவே வேண்டியதில்லை.

டி-டைமர்னா என்ன? அதுதான் ரத்தக்கட்டியா?

இல்லை. கட்டி கரையும்போது உதிரும் துண்டு அது.

ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் எப்போதும் கரைந்த நிலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓர் இடத்தில் காயம் பட்டால் த்ராம்பின் என்ற நொதி அதை ஃபைப்ரின் இழையாக மாற்றுகிறது. இழைகள் சேர்ந்து வலையாகின்றன. பதின்மூன்றாம் உறைதல் காரணி வந்து அந்த வலையைக் கணுக்கணுவாகத் தைத்து இறுக்குகிறது. காயம் ஆற ஆற, பிளாஸ்மின் என்ற வேறொரு நொதி அதே வலையை வெட்டிக் கரைக்கிறது. இழையை அது வெட்டினாலும் தையல் போட்ட இடம் பிரிவதில்லை. அப்படி ஜோடியாக ஒட்டியபடியே ரத்தத்தில் கலக்கும் துண்டுதான் டி-டைமர்.

அப்படியானால் இந்த டெஸ்ட் சொல்வது என்ன? உடம்பில் எங்கேயோ ஃபைப்ரின் வலை உருவாகியிருக்கிறது, அது கரைந்துகொண்டும் இருக்கிறது என்பது மட்டும்தான். எங்கே என்று சொல்லாது. கர்ப்பப்பையில் போட்ட தையலைச் சுற்றியா, தொடைத் தசைக்குள் ஆழமாக ஓடும் ரத்தக்குழாயான ஆழ்நாளத்திலா என்று பிரித்துக் காட்டாது. மராமத்து நடக்கும் வீட்டு வாசலில் கிடக்கும் மண்ணையும் ஜல்லியையும் பார்த்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று தெரியும், எந்த அறையில் என்று தெரியாது அல்லவா? அதே கதைதான்.

இன்னொரு விஷயம். இந்தத் துண்டு ரத்தத்தில் நாள்கணக்கில் தங்குவதில்லை. ஏறக்குறைய எட்டு மணி நேரத்தில் பாதி வெளியேறிவிடும். ஆகவே ஆபரேஷன் ஆகி மூன்று வாரம் கழித்தும் எண் உயர்ந்திருக்கிறது என்றால், அது ஆபரேஷன் அன்று வந்த மிச்சம் இல்லை. உள்ளே ஆறும் வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஆபரேஷனுக்கு அப்புறம் எத்தனை நாள் இப்படி ஏறியே இருக்கும்?

என்ன ஆபரேஷன் என்பதைப் பொறுத்தது. தோலுக்குக் கீழே முடிந்துவிடும் சின்ன ஆபரேஷன்களில் பெரும்பாலும் அவ்வளவாக ஏறாது. வயிற்றைத் திறந்து குடலிலோ கர்ப்பப்பையிலோ வேலை செய்தால், கிட்டத்தட்ட ஏழாம் நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல இறங்கும். பழைய நிலைக்குத் திரும்ப மூன்று நான்கு வாரம் ஆகலாம். கல்லீரல், அல்லது முதுகுப்பக்கமாக ஆழத்தில் இருக்கும் உறுப்புகளில் செய்த பெரிய ஆபரேஷன் என்றால் ஐந்தாறு வாரம் வரைகூட இழுக்கும்.

பலரும் பதறுவது அந்த ஏழாம் நாள் உச்சத்தைப் பார்த்துத்தான். 'டிஸ்சார்ஜ் ஆனப்போ குறைவா இருந்துச்சு, தையல் பிரிக்கப் போனப்போ இரட்டிப்பாயிடுச்சு' என்பார்கள். ஃபைப்ரினைக் கரைக்கும் வேலை ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சில நாட்கள் மந்தமாக இருந்து, அப்புறம் சூடு பிடிக்கிறது. முழங்கால் மாற்று ஆபரேஷனில் இது இன்னும் விசித்திரம்: முதல் நாள் ஏறும், மூன்றாம் நாள் வாக்கில் இறங்கும், ஒரு வாரத்தில் மறுபடி ஏறும். இரண்டாவது ஏற்றத்தைப் புதிதாக வந்த கட்டி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காயத்துக்குள் ரத்தம் தேங்கிக் கன்றிப்போயிருந்தால் அது கரையும் வரை எண் இன்னும் உயரமாக நிற்கும். காயத்தில் சீழ் பிடித்தாலும் அப்படித்தான்.

கர்ப்பத்துல ஆபரேஷனும் இல்ல, காயமும் இல்ல. அப்புறம் ஏன் ஏறுது?

பிரசவத்தில் நஞ்சுக்கொடி பிரியும் இடம் ஒரு பெரிய திறந்த காயம். நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாயும் இடம் அது. அந்த நேரத்தில் ரத்தம் சட்டென்று உறையாவிட்டால் தாய் பிழைப்பது கடினம். உடம்பு இதற்கு முதல் மாதங்களிலிருந்தே தயாராகிறது. உறைதல் காரணிகள் பலவும் கூடுகின்றன. சாதாரணமாக டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் இருக்கும் ஃபைப்ரினோஜன், கடைசி மாதங்களில் 400 முதல் 600 வரை போகிறது. நஞ்சுக்கொடி ஒட்டியிருக்கும் இடத்து ரத்தக்குழாய்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஃபைப்ரின் படிந்து கரைந்துகொண்டே இருக்கும். மூலப்பொருள் அதிகம், வேலையும் அதிகம், அதனால் துண்டுகளும் அதிகம்.

இதனால் மாதம் ஏற ஏற டி-டைமரும் ஏறும். முதல் மூன்று மாதங்களில் பலருக்கு 500-க்குள் இருக்கும். கடைசி மூன்று மாதங்களில் பெரும்பாலானவர்களுக்கு 500-ஐத் தாண்டிவிடும். எந்தக் கோளாறும் இல்லாத தாய்க்கு 1,500-க்குப் பக்கத்தில் வந்தால்கூட ஆச்சரியமில்லை. இரட்டைக் குழந்தை என்றாலோ, ரத்த அழுத்தம் கூடியிருந்தாலோ இன்னும் உயரும். பிரசவத்தை ஒட்டி இன்னொரு முறை எகிறி, நாலு முதல் ஆறு வாரத்தில் பழைய நிலைக்கு வரும். சிசேரியன் ஆனவர்களுக்கு கர்ப்பம், ஆபரேஷன் இரண்டின் கணக்கும் சேர்ந்துகொள்கிறது.

என் ரிப்போர்ட்ல 0.9, அக்கா ரிப்போர்ட்ல 900. அவங்களுக்குத்தான் ஆபத்தா?

பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். 0.9 µg/mL, 0.9 mg/L, 900 ng/mL மூன்றும் ஒன்றேதான்.

உண்மையான குழப்பம் வேறிடத்தில் இருக்கிறது. சில கிட்கள் FEU என்ற கணக்கிலும் சில DDU என்ற கணக்கிலும் எண்ணைத் தரும். FEU எண், DDU எண்ணைப்போல ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும். 500 ng/mL FEU எல்லை என்றால் DDU-வில் அது 250. ஆக, இந்த வாரம் ஒரு லேபில் 450 DDU, அடுத்த வாரம் வேறு லேபில் 900 FEU என்று வந்தால் எதுவும் மாறவில்லை. இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் எண்கள் எல்லாம் FEU கணக்கு. ஒரே அலகில் இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி கிட்டின் எதிர்ப்பொருள் வேறு என்பதால், இரண்டு லேப் எண்களை ஒப்பிட்டுப் பார்க்காமல் இருப்பதே நல்லது.

எல்லாருக்கும் ஏறும்னா, இந்த டெஸ்டே எதுக்கு?

குறைவாக வரும்போதுதான் இதற்குப் பயன். சந்தேகம் குறைவாக இருக்கும் ஒருவருக்கு டி-டைமரும் எல்லைக்குள் இருந்தால், ஆழ்நாளத்திலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி இல்லை என்று நம்பிக்கையோடு வீட்டுக்கு அனுப்பலாம், ஸ்கேன் வேண்டாம். 'இல்லை' என்று சொல்வதில் இது கெட்டி. 'உண்டு' என்று சொல்வதில் பலவீனம்.

ஒரு கணக்கு பார்ப்போம். கர்ப்பத்தில் மூச்சு வாங்குகிறது, நுரையீரலில் கட்டியோ என்று சந்தேகப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிற நூறு பேரில் ஏறக்குறைய நாலு பேருக்குத்தான் உண்மையில் கட்டி இருக்கும். எல்லாரும் கடைசி மூன்று மாதத்தில் இருப்பவர்கள் என்று வைத்துக்கொண்டால், அந்த நாலு பேரோடு கட்டியே இல்லாத மற்றவர்களிலும் பெரும்பாலோருக்கு 500-க்கு மேல் வரும். சிவப்பு எழுத்து அந்த நாலு பேரைத் தனியாகப் பிரித்துக் காட்டவில்லை, கூட்டத்தோடு சேர்த்தே காட்டுகிறது.

குறைவாக வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாத சமயங்கள் உண்டு. ஹெப்பாரின் வகை ஊசி ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் எண் குறையும். தொந்தரவு தொடங்கி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தாலும் குறைந்திருக்கலாம்.

1,000-க்குக் கீழே இருந்தா போதும்னு எங்க டாக்டர் சொல்றார். ரிப்போர்ட்ல 500-ன்னுதானே இருக்கு?

உங்கள் டாக்டர் சொல்வது கர்ப்பிணிகளுக்காக மாற்றி அமைத்த இயர்ஸ் என்ற முறை. அவர் மூன்று கேள்விகள் கேட்டிருப்பார். காலில் ஆழ்நாளக் கட்டிக்கான அறிகுறி இருக்கிறதா? இருமலில் ரத்தம் வருகிறதா? பார்த்த மாத்திரத்தில் மற்ற எந்தக் காரணத்தையும்விட நுரையீரல் கட்டிதான் அதிகம் பொருந்துகிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் டி-டைமர் 1,000-க்குக் கீழே இருந்தால் போதும், நெஞ்சு சிடி ஸ்கேன் வேண்டாம். ஒன்றுக்காவது ஆம் என்றால் எல்லை 500. காலில் அறிகுறி இருந்தால் முதலில் கால் நாளங்களைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். அதில் கட்டி தெரிந்துவிட்டால் அங்கேயே சிகிச்சை தொடங்கலாம்.

இதைச் சோதித்த ஆர்ட்டெமிஸ் ஆய்வு 2019-ல் வெளிவந்தது. அதில் 498 கர்ப்பிணிகள். முதல் மூன்று மாதத்தில் இருந்தவர்களில் 65 சதவீதம் பேருக்கு சிடி தேவைப்படவில்லை. கடைசி மூன்று மாதத்தில் அது 32 சதவீதமாகக் குறைந்தது. மாதம் ஏற ஏற டெஸ்டின் பயன் எப்படிச் சுருங்குகிறது என்பது இதிலேயே தெரிகிறது. சிடி தவிர்க்கப்பட்டவர்களில் அடுத்த மூன்று மாதத்துக்குள் யாருக்கும் நுரையீரல் கட்டி வரவில்லை.

எல்லா நாட்டு வல்லுநர்களும் இதில் ஒரே கருத்தில் இல்லை. பிரிட்டனின் மகப்பேறு ராயல் காலேஜ், கர்ப்பத்தில் கட்டி சந்தேகம் வந்தால் டி-டைமர் எடுக்கவே வேண்டாம், நேராக ஸ்கேன் என்கிறது. ஐரோப்பிய இதயவியல் சங்கம் எடுத்துப் பார்க்கலாம் என்கிறது. என் சாய்வு இது: முதல் ஆறு மாதத்தில், மூன்று கேள்விகளையும் கேட்ட பிறகு எடுத்தால் பயன் உண்டு. கேள்வி கேட்காமல் எடுத்தால் எந்த மாதத்திலும் பயன் இல்லை.

அம்மாவுக்கு 62 வயசு. வலது முழங்கால் மாத்தி ஒன்பது நாள். கால் வீங்கியிருக்கு, டி-டைமர் 5,200. என்ன செய்யணும்?

எண்ணைத் தள்ளிவைத்துவிட்டு டாப்ளருக்குப் போங்கள். ஏன் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

இப்படி ஒருவர் வந்தால் கால் நாளத்தில் கட்டி இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட முதலில் வெல்ஸ் மதிப்பெண் போடுவோம். பன்னிரண்டு வாரத்துக்குள் பெரிய ஆபரேஷன் என்பதால் ஒரு மதிப்பெண். அடுத்து டேப் வைத்து, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் துருத்தி நிற்கும் மேட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர் இறங்கி, இரண்டு கெண்டைக்காலையும் அளப்போம். வலது 38.5, இடது 34.5 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் என்பதால் இன்னொன்று. கெண்டைக்காலின் பின்பக்கம் நாளம் போகும் வழியில் அழுத்தினால் வலிக்கிறது, இன்னொன்று. எலும்பின் மேல் விரலால் அழுத்தினால் குழி விழவில்லை, அதற்கு இல்லை. ஆக மூன்று. ஆனால் முழங்கால் ஆபரேஷன் வீக்கமே இதற்கெல்லாம் காரணமாக இருக்க அதே அளவு வாய்ப்பு உண்டு என்பதால் இரண்டைக் கழிக்க வேண்டும். மிச்சம் ஒன்று.

இரண்டுக்குக் கீழே வந்தால் 'கட்டி இருக்க வாய்ப்பு குறைவு, டி-டைமர் பாருங்கள்' என்பது புத்தக விதி. அது இங்கே உதவாது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எல்லையை வயதின் பத்து மடங்காக வைக்கலாம் என்ற சலுகையைக் கொடுத்தால்கூட அம்மாவின் எல்லை 620. ஒன்பதாம் நாளில் முழங்கால் மாற்றிய யாருக்கும் 620-க்குள் வருவது அபூர்வம். வரப்போகும் விடை முன்கூட்டியே தெரிந்திருக்கும்போது டெஸ்ட் எடுத்து என்ன பயன்?

டாப்ளரில் தொடை இடுக்கிலிருந்து முழங்கால் பின்பக்கம் வரை நாளத்தின் மேல் கருவியை வைத்து லேசாக அழுத்துவார்கள். நல்ல நாளம் தட்டையாகும், கட்டி இருந்தால் தட்டையாகாது. கட்டி இல்லை என்று வந்தும் வீக்கம் குறையாவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி பார்ப்பது நல்லது. கெண்டைக்காலில் இருக்கும் சின்னக் கட்டி அதற்குள் மேலே ஏறியிருக்கலாம். 5,200 என்ற எண்ணுக்காக டாப்ளரைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை, தொந்தரவு இருந்தால் செய்ய வேண்டும்.

எண் அதிகமா இருக்குன்னு ரத்தம் உறையாம இருக்க ஊசி போடச் சொல்றாங்க. போடலாமா?

காரணம் அந்த எண் மட்டும்தானா என்று கேளுங்கள். சிசேரியனுக்கும் பெரிய ஆபரேஷனுக்கும் பிறகு கட்டி வராமல் தடுக்க எனாக்சபாரின் போன்ற ஊசியைச் சில நாள் போடுவது வழக்கம்தான். யாருக்கு என்பதை உடல் எடை, வயது, முன்பு கட்டி வந்த வரலாறு, எவ்வளவு நாள் படுக்கையில் இருந்தார், எவ்வளவு ரத்தம் போனது, கிருமித் தொற்று உண்டா என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். அந்தக் கணக்கில் டி-டைமர் இல்லை. எண் உயர்ந்திருப்பதற்காக மட்டும் சிகிச்சை அளவு ஊசி ஆரம்பித்தால், புதுத்தையல் உள்ள இடத்தில் ரத்தம் கசிந்து தேங்கலாம். அப்படித் தேங்கினால் டி-டைமர் இன்னும் ஏறும்.

அதற்காக, ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கும் ஊசியை இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

ரெண்டு தடவை கரு கலைஞ்சிடுச்சு. இப்போ மாசாமாசம் டி-டைமர் பார்த்து ஊசி டோஸ் மாத்துறாங்க. இது சரியா?

மாதாமாதம் ஏறுவது கர்ப்பத்தின் இயல்பு. அதைத் துரத்திக்கொண்டு டோஸை ஏற்றுவதற்கு நல்ல ஆதாரம் இல்லை. திரும்பத் திரும்பக் கரு கலைந்தவர்களுக்குப் பார்க்க வேண்டிய உறைதல் டெஸ்ட்கள் வேறு: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் எதிர்ப்பொருள். பாசிட்டிவ் வந்தால் பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்து உறுதி செய்ய வேண்டும். உறுதியானால் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் கொடுப்பதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. அந்த மூன்றையும் பார்த்தார்களா என்று உங்கள் ஃபைலில் தேடிப் பாருங்கள்.

வயித்துல குழந்தை இருக்கு. நெஞ்சு சிடி எடுத்தா ஆபத்து இல்லையா?

சிடி எடுப்பது நெஞ்சில்தான் என்பதால் குழந்தைக்குப் போகும் கதிர் மிகக் குறைவு, ஒரு மில்லிகிரேக்கும் கீழே. குழந்தைக்குக் கேடு என்று கவலைப்படத் தொடங்கும் அளவு 50 மில்லிகிரே. தாயின் மார்பகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும், அதனால்தான் தேவையில்லாமல் எடுப்பதில்லை. பிரசவமான பிறகு எடுத்தால், மருந்து ஏற்றிய சிடிக்குப் பிறகும் தாய்ப்பால் கொடுக்கலாம். நுரையீரல் கட்டியைக் கவனிக்காமல் விடுவதன் ஆபத்தோடு பார்த்தால் இந்தக் கதிர் ஒன்றுமே இல்லை.

சரி, எண்ணைப் பார்க்க வேண்டாம்னா எதைப் பார்த்து ஓடணும்?

கர்ப்பத்திலும் ஆபரேஷனுக்குப் பிறகும் டி-டைமர் ஏறுவது இயல்பு என்பதால், கட்டியே வராது என்று ஆகிவிடாது. கட்டி அதிகம் வரும் காலமும் இதுதான். கர்ப்பிணிகளுக்கு மற்றவர்களைவிட நாலைந்து மடங்கு வாய்ப்பு, பிரசவமான ஆறு வாரம் அதைவிட அதிகம்.

கர்ப்பத்தில் பெரும்பாலும் இடது காலில்தான் வரும். இடுப்புக்குள் இடதுபக்க நாளத்தின் குறுக்கே வலதுபக்கத் தமனி போகிறது, வளரும் கர்ப்பப்பையும் சேர்ந்து அதை நசுக்குகிறது. கட்டி மேலே இடுப்பு நாளத்தில் இருந்தால் கெண்டைக்காலில் எதுவும் தெரியாது. முழுத்தொடையும் வீங்கி, பிட்டத்திலும் இடுப்பிலும் வலி வரும். மாதம் ஏறியவர்களுக்கு இரண்டு பாதமும் சாயங்காலம் ஒரேபோல வீங்குவது வேறு. ஒரு கால் மட்டும், அதிலும் இடது, ஓரிரு நாளில் வீங்கினால் அன்றே டாப்ளர் எடுங்கள். கருவி இடுக்குக்கு மேலே சரியாகப் பார்க்காது என்பதால், 'இடுப்பு நாளத்தையும் பார்த்தீர்களா' என்று கேட்பதில் தப்பில்லை.

படியேறாமல், உட்கார்ந்திருக்கும்போதே திடீரென்று மூச்சு வாங்கினால், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினால், இருமலில் ரத்தம் வந்தால், மயங்கி விழுந்தால், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் வழக்கத்தைவிட இறங்கியிருந்தால் லேபுக்குப் போக வேண்டாம். தமிழ்நாட்டில் இருந்தால் 108-க்குச் சொல்லி, சிடி வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே போனதும் பிரசவம் ஆன தேதியை அல்லது ஆபரேஷன் தேதியை முதலில் சொல்லுங்கள்.

தொந்தரவு எதுவும் இல்ல. எண் இறங்கிடுச்சான்னு எப்போ மறுபடி எடுத்துப் பார்க்கணும்?

எடுக்க வேண்டாம்.